அதிகாலைப் பயிற்சிக்கு இட்லி, பொங்கல், அடை: கேட்டதும் சொன்னதும்

அண்ணா, 5 மணிக்கு ஜிம்முக்குப் போகிறேன், எடை 70 கிலோ. வந்ததும் நாலு இட்லி, சாம்பார். புரோட்டீன் போதுமா?

போதாது தம்பி. மாவு அரைக்கிறதுக்கு முன்னால் தராசில் வைத்துப் பாருங்கள். 800 கிராம் அரிசியில் சுமார் 56 கிராம் புரதம், 200 கிராம் உளுந்தில் 48 கிராம். மொத்தம் நூற்றுச் சொச்சம். அந்த மாவில் வீட்டுத் தட்டில் ஐம்பது இட்லி வரும். ஆக ஓர் இட்லிக்கு 2 கிராம், நாலுக்கு 8. சாம்பாரைப் பெரிதாக நம்ப வேண்டாம். அஞ்சு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் உங்கள் பங்கு 4 கிராம்தான். பளு தூக்குகிறவருக்குக் காலையில் 25 கிராமாவது வேண்டும் என்பது என் கணக்கு. இரண்டு அவித்த முட்டை சேர்த்தால் 24 ஆகிவிடும், நாளைக்கே செய்யலாம்.

உளுந்தைக் கூட்டி 2:1 ஆக்கினால் பிரச்சினை தீர்ந்தது. இதற்கு எதற்கு இவ்வளவு கணக்கு?

பாதி சரி. புரதம் கூடும், ஆனால் இட்லிக்கு 2 கிராம் இருந்தது இரண்டரை ஆகும், அவ்வளவுதான். அதற்கு விலையும் உண்டு. உளுந்து மிஞ்சினால் மாவு பொங்கி வழியும், இட்லி பிசுபிசுவென்று துணியில் ஒட்டும். நான் 3:1-ஐத் தாண்டுவதில்லை. இட்லி உளுந்தை ஓர் அளவுக்குத்தான் தாங்கும்.

நான் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் இட்லி ஒன்று 60, 70 கிராம் வரும். உங்கள் கணக்கு கடைக்குப் பொருந்தாது சார்.

ஒத்துக்கொள்கிறேன், நான் சொன்னது வீட்டு இட்லி. உங்கள் இட்லியில் புரதம் கூடவே இருக்கலாம். ஆனால் மெத்தென்று வர வடித்த சோறோ ஜவ்வரிசியோ சேர்க்கிற கடையும் உண்டே, அங்கே எடை ஏறும் அளவுக்குப் புரதம் ஏறாது. உங்கள் மாவில் உளுந்து எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்!

அப்போ எதைத்தான் சாப்பிடுவது? முட்டை சாப்பிட மாட்டோம்.

பெசரட்டு. ஆந்திராக்காரர்களின் பாசிப்பயறு தோசை. தோலோடு இருக்கும் முழுப் பயறு 100 கிராமை இரவே ஊறவையுங்கள். அதில் மட்டும் 24 கிராம் புரதம். ஒரு பிடி அரிசி சேர்த்தால் மொறுமொறுப்பு வரும். காலையில் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகத்தோடு அரைத்து உடனே வார்க்க வேண்டியதுதான். புளிக்கவிடக் கூடாது, வாடை வந்துவிடும். முதல் தடவை எல்லோருக்கும் மாவு கரண்டியோடு சுருண்டு வரும். காரணம் கல் அதிகமாகச் சூடாகியிருக்கும். தண்ணீர் தெளித்துத் துடைத்து, தீயைக் குறைத்து மாவை இழுங்கள், பிறகு தீயைக் கூட்டுங்கள். மூன்று தோசை வரும், வேறு எதுவும் தேடவேண்டாம்.

அடையும் அதே வழிதான். அரிசியும் பருப்பும் சமமாகப் போட்டுக் கனமாக வார்க்கிற வீட்டில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

என் மகள் நீட் பயிற்சி வகுப்புக்கு 5.30-க்குக் கிளம்புகிறாள். அவளுக்கும் இதே அளவா அக்கா?

அண்ணன்தான் அம்மா. நாங்கள் பேசுவது உடற்பயிற்சிக்காரர்களைப் பற்றி. உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டாம். ஓர் அடை, ஒரு டம்ளர் பால் கொடுத்து அனுப்புங்கள்.

பொங்கல் சாப்பிட்டால் தூக்கம் வருகிறது, அதை விட்டுவிடவா?

விட வேண்டாம், மாற்றுங்கள். வழக்கமாக மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போடுகிறோம். அதைச் சமமாக்கினால், ஆளுக்கு 50 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு என்று 15 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு கிண்ணம் தயிரும் வறுத்த நிலக்கடலைச் சட்னியும் வைத்தால் 25-ஐத் தொடும். தேங்காய்ச் சட்னியால் இது நடக்காது. ஒன்று கவனியுங்கள்: பருப்பு கூடினால் ஆறினதும் கட்டியாகிவிடும். நாலு பங்கு தண்ணீர் வைக்கிற இடத்தில் ஆறு வையுங்கள். நெய் ஒரு டீஸ்பூன் போதும். நான் நெய்யை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்ட காலத்தில் 9 மணிக்கு மேசையிலேயே தலை சாய்ந்திருக்கிறேன். ஆனால் 4.30-க்கு எழுந்ததும் ஒரு காரணமாக இருக்கும், பொங்கலை மட்டும் பழி சொல்ல மனமில்லை.

இதைப் பயிற்சிக்கு முன்னால் சாப்பிடாதீர்கள். முன்னால் ஒரு வாழைப்பழம் போதும்.

பெசரட்டு சாப்பிட்டால் வயிறு உப்புசம். என்ன செய்ய?

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அரையுங்கள், முதல் வாரம் ஒன்றோடு நிறுத்துங்கள். பெருங்காயம் எனக்குக் கேட்கிறது, என் தம்பிக்குக் கேட்கவில்லை. அவன் பயறை முளைகட்டிப் பார்க்கிறான். இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் முடிவு சொல்லவில்லை.