ஆயுத பூஜை போட்டோவும் ‘களங்கம்’ என்ற சொல்லும்

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் எச்.ஆர். ஆக இருக்கிறேன், 140 பேர் வேலை பார்க்கிறார்கள். நடத்தை விதிகளில் சமூக ஊடகப் பகுதியைத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இருப்பதில் ‘நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் வரும்படி எதையும் பதிவிடக் கூடாது’, ‘கேட்டால் கணக்கு விவரங்களைத் தர வேண்டும்’ என்றெல்லாம் இருக்கிறது. ஆயுத பூஜையன்று ஒரு பையன் ஸ்டேட்டஸில் வைத்த போட்டோவில் கஸ்டமரின் டிராயிங் தெரிந்துவிட்டதால், இன்னும் கடுமையாக எழுதச் சொல்கிறார் எம்.டி. எப்படி எழுதுவது?
– வாசகி, கோவை

பதில்: அந்த போட்டோவிலிருந்தே ஆரம்பியுங்கள். எம்.டி.யின் கவலை நியாயமானது, கஸ்டமரோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அந்த ஒரு டிராயிங்கால் ஆர்டரே போகலாம். ஆனால் அந்தப் பையன் செய்தது மெஷினுக்குப் பொட்டு வைத்து போட்டோ எடுத்தது, டிராயிங் மேஜையில் திறந்து கிடந்தது. இதை சமூக ஊடக விதியால் தடுக்க முடியாது, ஏனென்றால் அதே போட்டோவை அவர் யாருக்காவது தனியாக அனுப்பியிருந்தாலும் நஷ்டம் அதேதான். எந்தெந்த இடத்தில் கேமரா கூடாது என்று போர்டு வையுங்கள், பூஜைக்கு முன்னால் டிராயிங்குகளை பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். விதியில் இவ்வளவு போதும்:

“கஸ்டமர் டிராயிங், கொட்டேஷன் விலை, சந்தைக்கு வராத மாடல், மற்றவர்களின் சொந்த விவரம், இந்த நான்கையும் அனுமதியில்லாமல் வெளியில் யாரோடும், எந்த வழியிலும் பகிரக் கூடாது. உங்கள் சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு பற்றிப் பேசுவது இதில் சேராது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை யாராவது வெட்டச் சொல்வார்கள், விடாதீர்கள். அது இல்லாவிட்டால் ‘ரகசியம்’ என்ற சொல்லுக்குள் ஓவர்டைம் பாக்கியும் போய்விடும்.

அடுத்து ‘களங்கம்’. அதை முழுவதும் எடுத்துவிடுங்கள். நான் முன்பு இருந்த ஓர் ஆலையில் கேன்டீன் சாப்பாட்டில் புழு கிடந்ததை ஒருவர் படம் எடுத்துப் போட்டார், இதே மாதிரி ஒரு வரியைக் காட்டி மெமோ கொடுத்தார்கள். புழு இருந்தது உண்மை. அதற்குப் பிறகு யாரும் எச்.ஆரிடம் குறை சொல்ல வரவில்லை, பெயரில்லாத கணக்குகளிலிருந்து ஆலையைப் பற்றிப் பதிவுகள் வர ஆரம்பித்தன. எது களங்கம் என்பதைப் படித்தவரால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாது, கோபத்தில் இருக்கிற மேலாளர்தான் அதை முடிவு செய்வார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவுக்கும் இதே நோய்தான். 2012-இல் மும்பை கடையடைப்பைக் கேள்வி கேட்டு எழுதிய ஒரு பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவர் தோழியும் கைதானார்கள், 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ‘எரிச்சலூட்டும்’ போன்ற சொற்களுக்கு எல்லை இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தத் தீர்ப்பு அரசின் சட்டத்தைப் பற்றியது, உங்கள் விதிப் புத்தகத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் எம்.டி.யிடம் வாதாட நல்ல உதாரணம்.

அதற்குப் பதிலாகச் செயலைச் சொல்லுங்கள்: “நிறுவனத்தின் சார்பில் பேசுவதுபோல் எழுதாதீர்கள். நம் பொருளைப் பாராட்டியோ, போட்டி நிறுவனத்தின் பொருளைக் குறை சொல்லியோ எழுதினால் இங்கே வேலை பார்ப்பதையும் சொல்லுங்கள். பொய் என்று தெரிந்தே எதையும் எழுதாதீர்கள்.” அரசியல், மதம், சினிமா, குடும்பம் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

கணக்கு விவரம் கேட்கும் விதியைத் திருப்பி எழுதுங்கள். பாஸ்வேர்டு கேட்க மாட்டோம், போனைத் திறந்து காட்டச் சொல்ல மாட்டோம், கம்பெனி பதிவை ஷேர் செய்யக் கட்டாயப்படுத்த மாட்டோம், மேலாளர்கள் தங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்ப மாட்டார்கள் என்று நிர்வாகம் கையெழுத்துப் போடட்டும். பாஸ்வேர்டு கேட்பதை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2012-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. நீங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் தளர்த்த வேண்டாம். சக ஊழியரை மிரட்டுவது, ஆபாசமாக மெசேஜ் அனுப்புவது, சாதி சொல்லித் திட்டுவது இதெல்லாம் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தாலும் அலுவலக விஷயம்தான். ஆனால் அதற்குத் தனி விதி எழுதாமல், ‘நேரில் செய்தால் எந்த விதி பொருந்துமோ அதுவே இங்கும்’ என்று எழுதுங்கள், பாலியல் தொல்லைப் புகார் என்றால் 2013 சட்டப்படி உள்ள உள்ளகக் குழுவுக்குப் போகட்டும்.

அப்புறம், நடவடிக்கை எப்படி என்பதையும் எழுதுங்கள். முழுப் பதிவையும் பார்க்காமல் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்து மெமோ கூடாது, எழுதியவரின் விளக்கத்தை இருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும், யாருக்கும் கெடுதல் நோக்கம் இல்லையென்றால் முதலில் பதிவை எடுக்கச் சொல்வதோடு முடியட்டும். உங்கள் நிறுவனத்துக்கு நிலையாணைகள் இருந்தால் மெமோவுக்கும் சஸ்பென்ஷனுக்கும் அவற்றில் உள்ள முறையே பொருந்தும் என்பதால், இறுதி செய்யும் முன் தொழிலாளர் சட்ட வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

வரைவு முடிந்ததும் கடந்த மூன்று வருடத்தில் வந்த புகார்களை எடுத்து ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பாருங்கள். ஆயுத பூஜைப் பையன் ‘அந்த இடத்தில் போட்டோ எடுக்காதே’ என்ற எச்சரிக்கையோடு தப்ப வேண்டும், கொட்டேஷனைப் போட்டி கம்பெனிக்கு அனுப்பியவர் மாட்ட வேண்டும், புழு படம் போட்டவர் மாட்டக் கூடாது. பிறகு லேத் ஓட்டுகிற நான்கு பேரிடம் படிக்கக் கொடுத்து, ‘இதன்படி எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?’ என்று கேளுங்கள். நால்வரும் நான்கு பதில் சொல்லும் வரியை மறுபடி எழுதுங்கள்.