குங்குமப்பூ: ஐம்பது இழை, நான்கு மேசைக்கரண்டி பால்

கேள்வி: சௌகார்பேட்டையில் 1 கிராம் குங்குமப்பூ டப்பா ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கினேன். பால் பாயசம் செய்தபோது பத்துப் பதினைந்து இழைகளை எடுத்து, கொதிக்கிற ஒரு லிட்டர் பாலில் அப்படியே போட்டேன். நிறமும் ஏறவில்லை, வாசனையும் இல்லை. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? அடுத்த மாதம் பேரனின் ஆயுஷ்ஹோமத்துக்கு இருபது பேருக்குக் கற்கண்டு சாதம் செய்ய வேண்டும். எவ்வளவு போட்டால் போதும்?
— வாசகி, அம்பத்தூர்

பதில்: கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்பு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூன்றே மூன்று இழைகளைப் போட்டுப் பாருங்கள். அசல் குங்குமப்பூ அவசரப்படாது. முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு இழையைச் சுற்றி மஞ்சள் மெல்லக் கசியத் தொடங்கும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் பொன் மஞ்சளாக இருக்கும், இழை இன்னும் சிவப்பாகவே கிடக்கும். சாயம் தோய்த்த நார் என்றால் போட்ட கணமே தண்ணீர் சிவந்துவிடும், நார் வெளுத்துப்போகும். நனைந்த இழையை விரல்களுக்கிடையே வைத்துத் தேயுங்கள். அசல் எளிதில் கூழாகாது, விரலில் மஞ்சள் கறைதான் படியும். அதன் ஒரு முனை நாதஸ்வரத்தின் அணசுபோல் சற்றே விரிந்திருக்கும். நாக்கில் வைத்தால் லேசாகக் கசக்க வேண்டும். இனித்தால் எடை கூட்டுவதற்காகச் சர்க்கரைப் பாகோ தேனோ பூசியிருக்கிறார்கள் என்று பொருள். ஆனால், அசல் இழையின் மேலேயே மஞ்சள் சாயம் ஏற்றியிருந்தால் இந்தச் சோதனையில் அது பிடிபடாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

நீங்கள் செய்த விதத்தைப் பார்த்தால், உங்கள் டப்பா அசலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அசல் பூவும் அந்தப் பாயசத்தில் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கும். குங்குமப்பூவில் நிறத்தைத் தருவது குரோசின் என்ற பொருள். அது தண்ணீரில் கரையும், ஆனால் காய்ந்து இறுகிய இழைக்குள்ளிருந்து வெளியே வர அதற்கு நேரம் வேண்டும். வாசனையைத் தருவது சாஃப்ரனால். அது எளிதில் ஆவியாகிவிடும். முழு இழையைத் தளதளவென்று கொதிக்கிற பாலில் போட்டால், நிறம் முழுதாக இறங்குவதற்குள் வாசனை ஆவியோடு அடுக்களைக் கூரைக்குப் போய்விடுகிறது. கூடவே, ஒரு லிட்டர் வெள்ளைப் பாலில் பதினைந்து இழைகளின் மஞ்சள் எடுபடாது. அந்த அளவுப் பாயசத்துக்கு இருபத்தைந்து இழையாவது வேண்டும், அதையும் தனியாக ஊறவைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

முந்திரியை நெய்யில் வறுக்கும்போதே குங்குமப்பூவையும் சேர்த்துப் போடுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. குரோசின் நெய்யில் கரையாது. நெய் பூசிய இழை பிறகு பாலிலும் சரியாக ஊறாது. கருகினால் கசப்பு வேறு. காசைக் கொடுத்து வாங்கிய பூவை இதைவிடச் சுலபமாக வீணாக்க முடியாது.

கொஞ்சமான சூடான பாலில் தனியாக ஊறவைப்பது இந்த இரண்டு சிக்கலுக்கும் சேர்த்துத்தான். பாலில் உள்ள தண்ணீர் நிறத்தை இழுத்துக்கொள்கிறது, கொழுப்பு வாசனையைப் பிடித்துவைக்கிறது. நீலப் பாக்கெட்டா பச்சைப் பாக்கெட்டா என்று கவலைப்பட வேண்டாம், இரண்டும் சரிதான்.

சென்னைக் காற்றின் ஈரத்தில் இழைகள் சீக்கிரம் துவண்டுவிடும்; துவண்ட இழை பொடியாகாது. அதனால் ஒரு சிறிய இரும்புக் கரண்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, கையால் தொடுகிற பதத்துக்குச் சூடு தணிந்த பிறகு இழைகளை அதில் அரை நிமிடம் வையுங்கள். மொறுமொறுப்பாகிவிடும். அதன்மேல் வறுக்க வேண்டாம். பிறகு சின்னக் கல்லுரலில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு சேர்த்து நுணுக்குங்கள். சர்க்கரையின் சொரசொரப்பு இருப்பதால்தான் இவ்வளவு குறைந்த அளவுப் பூ உரலில் வழுக்காமல் அரைபடுகிறது. பாலைக் காய்ச்சி இறக்கி, விரல் நுனியை ஒரு கணம் வைத்தால் சுடுகிற, ஆனால் கொதிப்பு அடங்கிய நிலைக்கு வந்ததும் பொடியின்மேல் ஊற்றி மூடி வையுங்கள். மூடி முக்கியம். அது இல்லாவிட்டால் பிடித்துவைக்க நினைத்த வாசனை கூடம் முழுவதும் பரவிவிடும். பொடித்த பூவுக்கு இருபது நிமிடம் போதும். முழு இழையாகப் போட்டால் முக்கால் மணி நேரமாவது ஆகும். முதல்நாள் இரவே ஊறவைக்க விரும்பினால், பால் ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சென்னை வெக்கையில் மேடையிலேயே விட்டால் காலையில் திரிந்துபோயிருக்கும்.

இனி அளவு. காய்ந்த குங்குமப்பூ ஒரு கிராமில் சுமார் 450 முதல் 500 இழைகள் இருக்கும். நீங்கள் கொடுத்த விலைக்கு ஓர் இழை கிட்டத்தட்ட ஒரு ரூபாய். ‘ஒரு சிட்டிகை’ என்ற அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், இந்தப் பொருளை மட்டும் எண்ணியே போடுவது நல்லது. ஒரு முறை எண்ணிப் பார்த்தால் கண்ணளவு பிடிபட்டுவிடும்.

இலையில் ஓர் இனிப்பாக இருபது பேருக்குப் பரிமாற, இரண்டு கப், அதாவது சுமார் 400 கிராம் பச்சரிசியில் கற்கண்டு சாதம் செய்தால் போதும். கப்புக்கு இருபத்தைந்து என்று ஐம்பது இழைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைக்க நான்கு மேசைக்கரண்டி பால். அரிசி பாலில் குழைய வெந்து, பொடித்த கற்கண்டைச் சேர்த்துக் கிளறும்போது, ஊறிய பாலில் பாதியை ஊற்றுங்கள். இது நிறத்துக்கு. சாதம் முழுவதும் ஒரே சீராக வெளிர்மஞ்சள் ஏறும். நெய், முந்திரி, திராட்சை எல்லாம் சேர்த்து அடுப்பை அணைத்த பிறகு மீதிப் பாதியை ஊற்றிக் கிளறி மூடுங்கள். இது வாசனைக்கு. கிண்ணத்திலும் உரலிலும் ஒட்டியிருப்பதை ஒரு கரண்டிப் பாலால் அலசி அதையும் சேர்த்துவிடுங்கள். அதில் மட்டும் இரண்டு மூன்று ரூபாய்ப் பூ இருக்கும். மொத்தச் செலவு ஐம்பது ரூபாய். டப்பாவில் இன்னும் எட்டு முறைக்கு மிச்சம் இருக்கும்.

நூறு இழை போட்டால் இருமடங்கு மணக்குமே என்று தோன்றலாம். மணக்காது, கசக்கும். குங்குமப்பூவின் கசப்புக்குப் பிக்ரோகுரோசின் என்ற தனிப் பொருளே இருக்கிறது. அளவு மிஞ்சினால் அதுதான் முன்னே வந்து நிற்கும், சாதம் மருந்துபோல் ஆகிவிடும். குழந்தைகள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒருவேளை மனம் மாறி, கற்கண்டுக்குப் பதில் வெல்லம் போட்டு அக்காரவடிசல் செய்வதாக இருந்தால் கணக்கே வேறு. வெல்லத்தின் பழுப்புக்கு அடியில் குங்குமப்பூவின் மஞ்சள் தெரியவே தெரியாது. வாசனைக்காக மட்டும் போடுகிறோம் என்பதால் கப்புக்குப் பத்துப் பன்னிரண்டு இழைகள் போதும், எல்லாவற்றையும் அணைத்த பிறகே சேர்க்கலாம். கொதிக்கிற வெல்லப் பாகில் ஊற்றினால் பால் திரிகிற ஆபத்தும் இருக்கிறது. இன்னொன்று: பச்சைக் கற்பூரம் போடுவீர்களானால் குங்குமப்பூவை விட்டுவிடுங்கள். மிளகளவு கற்பூரமே பாத்திரம் முழுவதையும் ஆண்டுவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு, ‘குங்குமப்பூ வாசனையே இல்லை’ என்று கடையைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஏலக்காயும் கை கொஞ்சம் அடங்கியே இருக்கட்டும்.

பிரியாணிக்கும் புலாவுக்கும் இதே பால்தான். அரை கிலோ பாஸ்மதிக்கு நாற்பது இழை, கால் கப் பால். தம் போடுவதற்கு முன் மேலே அங்கங்கே தெளித்துவிட்டுக் கிளறாமல் மூடினால், சில பருக்கைகள் மஞ்சளாகவும் மற்றவை வெள்ளையாகவும் வரும். ரவா கேசரியில் மட்டும் ஏமாறாதீர்கள். கல்யாண மண்டபத்துக் கேசரியின் பளீர் ஆரஞ்சு நிறம் கேசரிப் பவுடரின் வேலை. எத்தனை இழை போட்டாலும் குங்குமப்பூ அந்த நிறத்தைத் தராது. இதன் நிறம் பொன் மஞ்சள்.

அடுத்த முறை வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இழை முழுவதும் அடர் சிவப்பாக இருப்பதைக் காஷ்மீர் வியாபாரிகள் மோங்ரா என்பார்கள். அடியில் மஞ்சள் வால் ஒட்டியிருப்பது லச்சா. போலி இல்லை, ஆனால் அந்த வாலுக்கு எடை உண்டு, நிறம் மிகக் குறைவு. அதே விலைக்கு லச்சாவைக் கொடுத்தால் நீங்கள் வாலுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள். ஈரானியப் பூவும் நம் கடைகளில் கிடைக்கிறது. அதுவும் அசல்தான், காஷ்மீர்ப் பூ என்று சொல்லி விற்காத வரை. வருடத்துக்கு நான்கைந்து முறைதான் பயன்படுத்துவீர்கள் என்றால் அரை கிராம் டப்பாவே போதும். இருட்டான இடத்தில், இறுக மூடி வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்தால் நிறம் ஓரளவு இருக்கும், வாசனை முதலில் போய்விடும்.

இப்போது வாங்கிய டப்பா தண்ணீர்ச் சோதனையில் உடனே சிவந்துவிட்டால், மிச்ச இழைகளைக் கொட்டிவிடாதீர்கள். டப்பா, அதன்மேல் அச்சிட்ட உரிம எண், நிகர எடை, பேக் செய்த தேதி, கடை ரசீது எல்லாம் உங்களிடம் இருக்க வேண்டும். முதலில் கடையில் கேளுங்கள். மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கலப்படம் என்பதால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் எழுதிக் கொடுக்கலாம். ரசீது இல்லாமல் துண்டுக் காகிதத்தில் மடித்து வாங்கியிருந்தால், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதை நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும்.