கண்ணைத் திருப்பினால் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயசு. ஒரு வாரமா சளி. நேத்து காலையில எழுந்தப்போ இடது கண் இமை சிவந்து வீங்கியிருந்துச்சு. மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கிப் போட்டோம். இன்னைக்கு இமை பாதி மூடிக்கிச்சு, காய்ச்சல் 102. "அந்தப் பக்கம் பாத்தா வலிக்குதும்மா"ன்னு அழறா. மெட்ராஸ் ஐயா இருக்குமா? நாளைக்கு ஞாயிறு. திங்கட்கிழமை காட்டினா போதுமா?
(தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா)

பதில்: போதாது அம்மா. இப்போதே கிளம்புங்கள். கீழே எழுதியிருப்பதை ஆட்டோவில் போகும்போது படித்துக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி. அங்கே கேஷுவாலிட்டி ராத்திரியும் ஞாயிறும் இயங்கும். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, அரசு கண் ஆஸ்பத்திரியும் எழும்பூரில்தான் இருக்கிறது. தனியாரிடம் போவதென்றால் குழந்தை டாக்டர், கண் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், சி.டி. ஸ்கேன் எல்லாம் ஓரிடத்தில் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்க நேரமில்லை. குழந்தை வாந்தி எடுத்தாலோ, தலைவலி என்று துவண்டாலோ, எழுப்பினால் சரியாக எழாமல் மயங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. "அந்தப் பக்கம் பாத்தா வலிக்குதும்மா" என்ற அந்த ஒரு வரிதான். ஏன் என்று சொல்கிறேன்.

இமைக்குள் தோலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கண் குழியின் எலும்பு விளிம்பிலிருந்து இமை வரை திரை கட்டியதுபோல நிற்கும். கண்கட்டி, கொசுக்கடி, இமைத் தோலில் வரும் கிருமித் தொற்று எல்லாம் பொதுவாக இந்தத் திரைக்கு முன்னாலேயே நின்றுவிடும். இமை எவ்வளவு வீங்கினாலும், உள்ளே கண் சுகமாக உருளும். கண்ணை உருட்டும் ஆறு தசைகளும் பார்வை நரம்பும் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே தொற்று வந்தால்தான் தசை சுருங்கும்போதெல்லாம் வலிக்கும். ஆகவே கண்ணை அசைத்தால் வலி என்பது, நோய் திரையைத் தாண்டி உள்ளே போயிருக்கலாம் என்பதற்கான அடையாளம். இதை ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ் என்பார்கள். தமிழில் கண் குழித் தொற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே கிருமி எப்படிப் போனது? பெரும்பாலும் மூக்கு வழியாக. இரண்டு கண்களுக்கும் நடுவில், மூக்கின் மேல்பகுதியில், தேன்கூடுபோலச் சிறு சிறு அறைகள் கொண்ட எத்மாய்ட் சைனஸ் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கும் அது உண்டு. அதற்கும் கண் குழிக்கும் இடையிலுள்ள எலும்பு அவ்வளவு மெல்லியது என்பதால்தான் லத்தீனில் அதற்குக் காகிதத்தை வைத்துப் பெயர் வைத்தார்கள். சளி பிடித்து அந்த அறைகளில் சீழ் தேங்கினால், அந்தத் தகட்டைத் தாண்டி கண் பக்கம் கசிய முடியும். அதனால்தான் நீங்கள் போகிற போக்கில் எழுதிய "ஒரு வாரமா சளி" எனக்கு முக்கியமாகப் பட்டது. டாக்டரிடமும் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

கண் குழி எலும்பால் ஆன கிண்ணம். முன்பக்கம் மட்டுமே திறப்பு. உள்ளே வீக்கமோ சீழோ கூடினால் விரிய இடமில்லை. கண்ணை முன்னால் தள்ளும், பார்வை நரம்பை நெருக்கும். நெருக்கம் நீடித்து அந்த நரம்பு செத்துவிட்டால் திரும்ப வளராது. இன்னொரு ஆபத்தும் உண்டு. கண்ணைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் நேராக மூளையின் அடிப்பகுதிக்குப் போகின்றன. அந்த வழியாகக் கிருமி மூளைக்கும் ஏறலாம். இவையெல்லாம் வாரக்கணக்கில் நடப்பதில்லை, சில மணி நேரத்திலேயே நிலைமை மாறிவிடும். திங்கட்கிழமை என்றதும் நான் அவசரப்படுத்தியது அதற்காகத்தான்.

மெட்ராஸ் ஐயா என்று கேட்டீர்கள். மெட்ராஸ் ஐயில் சிவப்பது வெள்ளை விழி. நீரும் பீளையும் வழியும், மணல் விழுந்ததுபோல உறுத்தும், ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் போகும். 102 காய்ச்சலும், ஒரே பக்கம் இமை இறுகிச் சிவப்பதும், கண்ணை அசைத்தால் வலிப்பதும் அதன் வழக்கமில்லை.

இதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்காக, வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு நிமிடம் போதும். குழந்தையை வெளிச்சத்தில் உட்கார வைத்து, தலை அசையாமல் இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு ஸ்பூனையோ வளையலையோ முகத்துக்கு எதிரே காட்டி இடம், வலம், மேல், கீழ் என்று மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவு போகிறதா, எந்தப் பக்கம் போகும்போது முகம் சுளிக்கிறது என்று பாருங்கள். பிறகு குழந்தையின் பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து கீழே பார்த்தால் ஒரு கண் மட்டும் முன்னால் துருத்தியிருப்பது தெரியும். கடைசியாக, நல்ல கண்ணைப் பொத்திவிட்டு விரல்களை எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஒரு சிவப்புப் பொருளைக் காட்டி, இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். பார்வை நரம்பு நெருக்கப்படும்போது முதலில் மங்குவது பெரும்பாலும் சிவப்பு நிறம்தான்.

இதில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் உடனே கிளம்ப வேண்டும். இமை இறுகி மூடி, விழியே தெரியவில்லை என்றால் இந்தச் சோதனையால் பயனில்லை. வலுக்கட்டாயமாகப் பிரிக்காமல் அப்படியே அழைத்துப் போங்கள். கைக்குழந்தை என்றாலும் அப்படித்தான். வலி இல்லாமல் இமை வீக்கமும் காய்ச்சலும் மட்டும் இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுவதுதான் சரி. திரைக்கு முன்னால் இருக்கும் தொற்றுக்கும் மருந்து வேண்டும்.

காசிமேட்டிலிருந்து வந்த எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு வாரம் சளி. வெள்ளிக்கிழமை காலை வலது இமையில் வீக்கம். கொசுக்கடி என்று நினைத்திருக்கிறார்கள். கடையில் கொடுத்த சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. மறுநாள் இமை மூடிக்கொண்டதும் பாட்டி சந்தனம் அரைத்துப் பத்துப் போட்டார். காய்ச்சல் மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் சூடு இறங்கியதால் குணமாகி வருகிறது என்று நம்பிவிட்டார்கள். ஞாயிறு இரவு என் முன்னால் உட்கார்ந்தபோது சந்தனம் காய்ந்து இமையில் வெடித்திருந்தது. துடைத்துவிட்டு மெதுவாக இமையைத் தூக்கினேன். கண் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு நின்றது, மூக்குப் பக்கம் திரும்பவே இல்லை. டார்ச் அடித்தால் கண்பாப்பா சோம்பலாகச் சுருங்கியது. தண்ணீர் பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டினேன். "இந்தக் கண்ணுல செவப்பு டாக்டர், அந்தக் கண்ணுல சாக்லேட் கலரு" என்றான்.

சி.டி. ஸ்கேனில் எத்மாய்ட் அறைகள் முழுக்க அடைத்திருந்தன. அந்தக் காகிதத் தகட்டை ஒட்டிக் கண் குழிக்குள் சீழ் கோத்திருந்தது. ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்தப் பக்கச் சீழ் சிறியதாக இருந்து பார்வையும் நன்றாக இருந்தால், கத்தி வைக்காமல் மருந்திலேயே பல நேரம் கரைந்துவிடும். அவனுக்குப் பார்வை இறங்கிக்கொண்டிருந்ததால் காத்திருக்க முடியவில்லை. அன்றிரவே காது மூக்கு தொண்டை டாக்டர்கள் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுச் சீழை எடுத்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சிவப்பு அவனுக்குச் சிவப்பாகத் தெரிய மூன்று நாள் ஆனது. வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் மருந்தோடு போயிருக்கும்.

உங்கள் மகளைச் சேர்த்ததும், தாமதிக்காமல் டிரிப்பில் ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். பெரும்பாலும் செஃப்ட்ரையாக்சோன், அதோடு தேவைக்கேற்ப வான்கோமைசினோ கிளின்டமைசினோ. சிரப்பாக வாங்கி வீட்டிலேயே கொடுக்கலாமே என்று கேட்காதீர்கள். குழிக்குள் போய் வேலை செய்யும் அளவு மருந்து ரத்தத்தில் வேண்டும். தவிர, நடுராத்திரியில் பார்வையைச் சோதிக்க வீட்டில் ஆளில்லை. வார்டில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், தூங்குகிற குழந்தையை எழுப்பி விரல் எண்ணச் சொல்வார்கள். பல அம்மாக்கள் இதற்குக் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனைதான் குழந்தையின் பார்வையைக் காப்பது. எரிச்சல்படாமல் எழுப்பிக் கொடுங்கள்.

முதல் நாள் வீக்கம் குறையாமல் இருக்கலாம், அதற்காக மிரள வேண்டாம். கண் எவ்வளவு திரும்புகிறது, பார்வை எப்படி, காய்ச்சல் இறங்குகிறதா என்பவைதான் கணக்கு. 24 முதல் 48 மணி நேரத்தில் இவை தேறவில்லை என்றால் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள், ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள்.

போகும்போது அந்தச் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள், இனி ஒரு சொட்டும் விட வேண்டாம். தடுப்பூசி அட்டையையும் எடுங்கள். பென்டாவேலன்ட் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள், ஏனென்றால் முன்பு இந்த நோயைக் கொண்டுவந்த கிருமிகளில் ஒன்றை அது தடுக்கிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் அதுதான் முதல் கேள்வி. வழியில் பிஸ்கட், டீ எதுவும் வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது வாய்வழி மருந்து எழுதித் தருவார்கள். மொத்தச் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் வரும். நான்காம் நாளே கண் பளிச்சென்று திறந்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று அடம்பிடிப்பாள். சிரப் பாட்டில் தீராமல் ஃபிரிட்ஜில் கிடப்பது அப்போதுதான். எழுதிக் கொடுத்த கடைசி நாள் வரை கொடுத்து முடியுங்கள். இடையில் காய்ச்சலோ, கண்ணைத் திருப்பும்போது வலியோ திரும்பினால், அடுத்த ரிவ்யூ தேதி வரை வைத்திருக்காமல் அதே ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போய்விடுங்கள்.