பெயிண்ட் கடைக்காரர் மகனும் உகர வரிசையும்

இந்தக் கதையில் வரும் பையனுக்குக் கதிர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் அப்பாவுக்குப் பெயிண்ட், ஹார்டுவேர் கடை. பையன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அப்பா கடையில் உட்காரச் சொல்கிறார். அவனுக்கோ தமிழ் எழுத்துரு வடிவமைக்க ஆசை. இருவரும் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். ஃபோனிலும் பத்திரிகையிலும் நாம் படிக்கிற எழுத்துகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்துதானே இருக்கிறார், அந்த வேலை.

“எழுத்துதான் ஏற்கெனவே இருக்குதே சார், இவன் புதுசா என்ன எழுதப் போறான்?” என்று கேட்டார் அப்பா. அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

கதிரின் நோட்டைப் புரட்டினேன். பழைய கடைப் பலகைகளின் படங்களை ஒட்டி, பக்கத்தில் தானே வரைந்திருந்தான். அ, ஞ, ழ எல்லாம் கண்ணைப் பறித்தன. ஆனால் நோட்டு முழுக்க ஏழெட்டு எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாமே வரைய ஆசையைத் தூண்டுகிற எழுத்துகள். “உகர வரிசை எங்கே?” என்று கேட்டேன். இல்லை.

நான் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். தமிழ் எழுத்துருவில் ஆகாரத்துக்குக் கால், எகரத்துக்குக் கொம்பு என்று ஒரு முறை வரைந்துவிட்டால் எல்லா எழுத்தோடும் சேர்த்துக்கொள்ளலாம். உகரமும் ஊகாரமும் அப்படி மடங்காது. சு, பு, வு-வுக்குக் கீழே கோடு இறங்கும். து, நு, லு-வுக்குச் சுழித்து மேலேறும். மு, ரு, ளு கீழே வளைந்து சுற்றிக்கொள்ளும். கு யாரோடும் சேராது. இகரம், ஈகாரம், மெய் என்று எல்லா வரிசையும் சேர்த்தால் 247-ஐயும் வரைய வேண்டியதில்லை என்றாலும், 120-க்கு மேல் தனி வடிவங்கள் வேண்டியிருக்கும். அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகள், எண்கள், நிறுத்தக்குறிகள்.

வரைந்தாலும் முடிந்துவிடாது. ஒரு பத்தியைச் சின்ன அளவில் அச்சிட்டுக் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். சுழி நிறைந்த ணவும் ஞவும் கறுத்துத் திட்டாகத் தெரியும். ரவும் பவும் வெளுத்து நிற்கும். அப்படித் தெரிந்தால் கோட்டின் தடிமனையும் எழுத்தின் அகலத்தையும் மறுபடி திருத்த வேண்டும். பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்பதைச் சரிசெய்ய வேண்டும். இதில் வாரக்கணக்கில் போகும், வெளியே காட்டப் பெருமையாக எதுவும் இருக்காது. அழகான ழ வரைவதில் இருக்கும் ஆசையை மட்டும் வைத்து இந்தத் தொழிலுக்குத் தகுதியா என்று நான் சொல்ல மாட்டேன். இடைவெளி வேலையில் பையன் எப்படி இருக்கிறான் என்று பார்த்தால்தான் தெரியும்.

சரி, கடைக்கு வருவோம். “கடைக்கு இவன் வேணும்” என்றார் அப்பா. எதற்கு வேண்டும் என்று கேட்டால் “எல்லாத்துக்கும்தான்” என்றார். மூன்று மாதக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னேன். பார்த்ததில், கவுண்டரில் ஆள் பற்றாமல் இல்லை. கலர் கலக்கும் மெஷினைப் பழைய கடைப் பையனே நன்றாக ஓட்டுகிறான். ஓட்டை இருந்தது பாக்கியில். கம்பெனிக்கு மாதத்துக்குள் பணம் கட்டியாக வேண்டும். ஆனால் காண்ட்ராக்டர்கள் நாலைந்து மாதம் இழுக்கிறார்கள். வெளியே நின்ற தொகை 11 லட்சம். அப்பாவுக்கு மூட்டுவலி, வண்டி எடுத்துக்கொண்டு சைட் சைட்டாகப் போக முடியவில்லை. கணக்கு இன்னும் கடன் நோட்டில்தான்.

ஆக, கடை கேட்பது காலை 9 முதல் இரவு 9 வரை உட்காரும் மகனை அல்ல. பாக்கியை டேலியில் ஏற்றி, ஒவ்வொரு காண்ட்ராக்டருக்கும் ஒரு வரம்பு வைத்து, வாரம் இரண்டு நாள் வசூலுக்குப் போகிற ஆளைத்தான் அது கேட்கிறது. ஏற்றுவதையும் வரம்பு வைப்பதையும் கதிர் செய்து கொடுத்துவிட்டால், வசூலுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். இதைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. “வசூலுக்கு வெளியாளா?” என்று மட்டும் கேட்டார். நியாயமான பயம்தான். அதனால் ரசீதில்லாமல் பணம் வாங்கக் கூடாது, அன்றன்றே மெசேஜ் போக வேண்டும் என்று எழுதிக்கொண்டோம்.

கதிரிடம் பேசியது வேறு. தமிழ் எழுத்துருவைக் கடையில் விற்கும் பொருளாக நினைக்காதே என்றேன். முக்த மலர், காட்டமரான், ஹிந்த் மதுரை போன்ற நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கும்போது சாதாரண ஆள் காசு கொடுத்து வாங்க மாட்டார். பணம் வருவது இரண்டு மூன்று வழிகளில். எழுத்துரு நிறுவனத்தில் சம்பளம், ஒரு பத்திரிகைக்கோ பிராண்டுக்கோ தனியாகச் செய்து கொடுப்பது, புத்தக அட்டை, பட டைட்டில் எழுத்து. நிறுவனங்கள் குறைவு. மும்பையில் எக் டைப், அகமதாபாத்தில் இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி என்று பெயர் தெரிந்தவையும் தமிழ்நாட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. முழுதாக முடித்த ஓர் எழுத்துரு கையில் இல்லாமல் அங்கே போய் நின்றால் பி.இ. சான்றிதழைப் பார்த்து வேலை தர மாட்டார்கள்.

படித்துத்தான் போக வேண்டுமென்றால் எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதற்கு ஐ.ஐ.டி. மும்பை நடத்தும் CEED, அதாவது ‘சீட்’ என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மூன்று வருடப் பட்டம் ஏதாவது இருந்தால் போதும், வயது வரம்பு கிடையாது. மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அதை வைத்து ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நேர்முகத்தில் கைவேலையையும் பார்ப்பார்கள்.

இதில் ஒரு சங்கடம், பெயிண்ட் கடைக்காரர் வீட்டுக்கே உரியது. தேர்வு ஜனவரியில், பொங்கலை ஒட்டி. தீபாவளிக்கு முந்தைய மாதமும் மார்கழியும்தான் கடையில் மூச்சுவிட முடியாத காலம். தயாராக வேண்டிய நாட்களில்தான் டப்பாக்கள் இறங்கும். எனவே ஒழுங்கைத் திருப்பிப் போட்டோம். தை கடைசியிலிருந்து ஆடி முடியும்வரை, காலை 11 மணி வரைக்கும் அவன் எழுத்துருவில் இருப்பான், பிறகு கடை. மென்பொருளுக்கு இலவசமான ஃபாண்ட்ஃபோர்ஜ் போதும். மேக் கணினி வாங்கித் தரச் சொல்லி இப்போதே அப்பாவிடம் நிற்க வேண்டாம் என்றேன். ஆடி முடிவில் ஊகார வரிசை வரை முடிந்து, இடைவெளி சரிசெய்த ஒரு பக்கம் அச்சில் வர வேண்டும். வந்தால் சீட் தேர்வுக்கு விண்ணப்பம், தீபாவளிக்குக் கூடுதலாக ஒரு ஆள். வராவிட்டால் எழுத்துரு பொழுதுபோக்காக இருக்கட்டும், கடையை முழுதாகக் கற்றுக்கொள்ளட்டும்.

ஆடியில் அச்சிட்ட பக்கத்தை எடுத்துக்கொண்டு இருவரும் வந்தார்கள். பாக்கி ஆறரை லட்சமாகக் குறைந்திருந்தது. எழுத்துருவில் இரண்டு வரிசைகளில் இடைவெளி வேலை பாக்கி. அதைச் சொல்லிவிட்டுக் கதிர் அப்பாவைப் பார்த்தான். அவர் பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த ணு மட்டும் ரெண்டாவது கோட்டிங் அடிச்ச மாதிரி இருக்குதேடா” என்றார். சரியாகத்தான் பிடித்தார்.

கெடுவை ஆவணிக் கடைசி வரை நீட்டினோம். அப்பா ஒரு நிபந்தனை சேர்த்தார்: இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம், ஆனால் அந்த வருடம் வசூல் ஆளை நிறுத்திவிட்டு அவனே வண்டியெடுக்க வேண்டும். கதிர் ஒத்துக்கொண்டான். வண்டிக்குப் பெட்ரோல் காசு யார் தருவது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.