மார்பெலும்பு ஆறும் காலமும் தாறுமாறான துடிப்பும்

“பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள் துடிப்பு தாறுமாறானது. இது நீடிக்குமா? எப்போது எடை தூக்கலாம்?”

அறுவைக்குப் பிந்தைய அழற்சியால் இதயத்தின் மேலறைகளில் எழும் இந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆயினும் மேலறையில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடுமென்பதால், உறைவுத்தடுப்பு மாத்திரை தரப்பட்டிருந்தால், துடிப்பு சீரானதாகத் தோன்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அறுவைக்காக நடுவே பிளக்கப்பட்ட மார்பெலும்பை இப்போது கம்பிகளே சேர்த்துப் பிடித்திருக்கின்றன; எலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரங்களும், நன்கு உறுதிப்பட ஏறத்தாழ 3 மாதங்களும் ஆகும். முதல் வாரங்களில் 4 அல்லது 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தூக்கும் விதமும் அதே அளவு முக்கியம் என்பேன்: 4 கிலோ பையை ஒரு கையால் உடலைவிட்டு விலக்கித் தூக்கினால் எலும்பின் இரு பாதிகளும் எதிரெதிராக இழுபடும், இரு கைகளாலும் மார்போடு அணைத்துத் தூக்கினால் அந்த இழுவை குறையும். இருமும்போது மார்பெலும்பு ‘கிளிக்’கென நகர்ந்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.