10 ஆம்பியர் மோட்டரும் 230 வோல்ட்டும் ஒரே போர்டில்

"ஹட்டன் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து கன்வேயருக்கு ஒரு போர்ட் வரைகிறேன், ஐயா. 24 வோல்ட் டிசி மோட்டர், ஓடும்போது 10 ஆம்பியர். அதே போர்டில் 230 வோல்ட் கன்டாக்டரை இயக்கும் ரிலேயும் இருக்கிறது. ட்ரேஸ் அகலம், வயா எண்ணிக்கை, இடைவெளி எவ்வளவு வைக்கலாம்?"

முதலில், ட்ரேஸ் எவ்வளவு சூடாகலாம் என்று முடிவு செய்யுங்கள். 20 பாகை ஏற்றம் போதுமானது. வெளி லேயருக்கான IPC-2221 சூத்திரம் இது:

```
I = 0.048 × ΔT^0.44 × A^0.725
```

ΔT அந்தப் பாகை ஏற்றம், A என்பது சதுர மில்லில் செப்பின் குறுக்குவெட்டு, மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 ஆம்பியருக்கு அது ஏறக்குறைய 256 வரும். சாதாரண 1 அவுன்ஸ் செப்பில் 4.7 மில்லிமீட்டர் அகலம், 2 அவுன்ஸில் அதில் பாதி. நான் 6 மில்லிமீட்டர் வைப்பேன், இடமிருந்தால் முழுப் பரப்பையே நிரப்பிவிடுவேன். உள் லேயரில் இதே சூத்திரம் இரண்டரை மடங்குக்கு மேல் அகலம் கேட்கும், அதனால் மோட்டர் வழியை வெளியிலேயே வையுங்கள். கொழுந்து சிக்கி மோட்டர் நின்றால் கரண்ட் பல மடங்காகும். அதற்காக அகலத்தைக் கூட்ட வேண்டாம், ட்ரேஸ் எரியும் முன் ஃபியூஸ் போக வேண்டும்.

வயாவையும் செப்பின் பரப்பால்தான் கணக்கிட வேண்டும். 0.3 மில்லிமீட்டர் துளையில் 20 மைக்ரோன் பூச்சு என்றால் ஒரு வயாவின் செப்பு 0.02 சதுர மில்லிமீட்டர், ட்ரேஸுக்கோ 0.165 தேவை. 9 போதும் என்று கணக்கு சொன்னாலும் 12 போடுங்கள். கரண்ட் எல்லாவற்றிலும் சமமாகப் பிரியாது, அது வந்து சேரும் பக்கத்து வயாக்களே அதிகம் சுமக்கும். ஆகவே ஒரே வரிசையாக அடுக்காமல் அகலவாக்கில் பரப்புங்கள்.

சரி, போர்ட் வந்ததும் சோதிக்க ஒரு வழி. 10 ஆம்பியர் விட்டவுடன் ட்ரேஸின் இரு முனைக்கும் இடையே மில்லிவோல்ட் பாருங்கள், சூடேறி நிலைத்தபின் மறுபடி பாருங்கள். செப்பின் தடை பாகைக்கு 0.39 வீதம் ஏறும். 50 மில்லிவோல்ட் 54 ஆனால் 20 பாகை ஏறியிருக்கிறது. 60ஐத் தொட்டால் அகலம் போதாது.

230 வோல்ட் பக்கத்தில் அளவைத் தீர்மானிப்பது காற்று இடைவெளி அல்ல, போர்டின் மேற்பரப்பு வழியான தூரம். IEC 60664-1 அட்டவணைகளின் காற்று இடைவெளி 2,000 மீட்டர் உயரம் வரை அப்படியே பொருந்தும். நுவரெலியா நகரமே 1,868 மீட்டர்தான். மெயின்ஸுக்கும் 24 வோல்ட் பக்கத்துக்கும் இடையே வலுவூட்டிய காப்புக்கு, ஃபெக்டரியின் நிலையான வயரிங்கில் இணைவதால், காற்றில் 5.5 மில்லிமீட்டர் வேண்டும். மேற்பரப்பிலும், சுத்தமான உலர்ந்த பெட்டிக்குள் அதே 5.5 போதும். ஆனால் தேயிலைத் தூசியும் மலைநாட்டு ஈரமும் சேர்ந்தால் போர்ட் மேல் கரண்ட் கசியும் படலம் உருவாகும். அந்த நிலைக்கு 8 மில்லிமீட்டர் என்று வையுங்கள். இடம் போதாவிட்டால் நடுவே குறைந்தது 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டு விடலாம், அதிலும் தூசி அடையும் என்பதால் பெட்டியை நன்கு மூடுங்கள். அப்புறம், ரிலே வாங்கும்போது காயில் பின்னுக்கும் கன்டாக்ட் பின்னுக்கும் இடையே பேட்களைக் கழித்தபின் 8 மில்லிமீட்டர் மிஞ்சுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.