வெளிநாட்டுக் கார்டு செலவுக்கு ரூபாய் மதிப்பைக் கூட்டிப் போட்டால் வங்கிக்கு எழுதும் கடிதம்

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறேன். சிங்கப்பூர் கடையில் 400 டாலருக்கு கார்டு தேய்த்தேன், 27,000 ரூபாய் போயிருக்கிறது. வங்கிக்கு எப்படி எழுதுவது?

முதலில் கடைச் சீட்டைப் பாருங்கள். அதிலேயே ரூபாய்த் தொகை அச்சாகியிருந்தால் மாற்றியது உங்கள் வங்கி அல்ல, கடையின் இயந்திரம். அப்போது "உங்கள் விகிதம் அதிகம்" என்று எழுதினால் வங்கி எளிதாகத் தட்டிக்கழித்துவிடும். உங்களைக் கேட்காமல் ரூபாயில் எடுத்தார்கள் என்பதுதான் வாதம். டாலரா ரூபாயா என்று தேர்வு செய்யும் உரிமையை விசா, மாஸ்டர்கார்டு விதிகளே கொடுக்கின்றன. ரூபாய்க்குச் சம்மதம் என்று அச்சிட்ட சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஜெயிப்பது கடினம்.

கடிதத்தில் இப்படி எழுதலாம். அதில் வரும் சார்ஜ்பேக் என்பது, உங்கள் வங்கி கார்டு நிறுவனம் வழியாகக் கடையின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது:

"கார்டின் கடைசி நான்கு எண்கள் ____, தேதி ____, கடை ____. பொருளின் விலை 400 சிங்கப்பூர் டாலர். என் சம்மதமின்றி 27,000 ரூபாயாக மாற்றி எடுத்துள்ளனர். தவறான நாணயம் என்ற காரணத்தில் சார்ஜ்பேக் எழுப்பி, வித்தியாசத்தைத் திருப்பித் தரவும்."

வித்தியாசத்தை நியாயமாகக் கணக்கிடுங்கள். அன்றைய விகிதம் கார்டு நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும். டாலர் 62 ரூபாய் என்று வைத்தால் 24,800. வெளிநாட்டுச் செலவுக்கு உங்கள் வங்கி வைக்கும் கூடுதல் கட்டணமான மார்க்கப் 3.5 சதவீதம் என்றால் 868, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 156. ஆக 25,824. கேட்க வேண்டியது 1,176 ரூபாய்தான்; மார்க்கப்பையும் சேர்த்துக் கேட்டால் மனு பலவீனமாகும்.

சீட்டின் நகலோடு வங்கியின் கார்டு பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சார்ஜ்பேக்குக்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் உள்ளூர்க் கிளையில் ஒரு பிரதி கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது மறுத்தால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். முதலில் வங்கியிடம் புகார் செய்தீர்கள் என்பதற்கு அந்த ஒப்புகை அங்கே சான்றாகும்.